புதுப்பிப்பு: ஏப்ரல் 1 வாடகை என்ட்ரி ரிஜெக்ட் ஆன விஷயம்

அன்னைக்கு கேட்டது: "மார்த்தாண்டம் ரப்பர் ஷீட் கடை கணக்கு, ஏப்ரல் 1 ராத்திரி 2 மணிக்கு தானா போற வாடகை என்ட்ரி 'பீரியட் குளோஸ்டு'ன்னு திரும்பி வருது, ஏன்?"

காரணம் கெடச்சாச்சு. தக்கலை அண்ணன் சொன்னதுதான் சரி, சர்வர் `UTC`-ல ஓடுது, நமக்கு ஏப்ரல் 1 ராத்திரி 2 மணின்னா அங்க மார்ச் 31 ராத்திரி 8:30, அந்த தேதியிலதான் என்ட்ரி போயிருக்கு, மார்ச்ச நாங்க ஏற்கெனவே லாக் பண்ணியாச்சு. இப்ப தேதிய `Asia/Kolkata` வச்சு எடுக்கோம்.

லாக்க எடுத்துட்டு திரும்ப அனுப்புன்னு ஒருத்தர் சொன்னாரு, என்ட்ரி ஏறும்தான், ஆனா இந்த வருஷ வாடகை போன வருஷ செலவாயிரும், லாபம் மாறும், ஓப்பனிங் பேலன்ஸும் கூடவே மாறும், ஆடிட்டர் விடுவாரா!



நெசமாவே மார்ச் தேதி உள்ள என்ட்ரி வந்தா, என்ட்ரிய தானா அனுப்புற சிங்க் அத ஏப்ரலுக்கு மாத்தாம தனியா நிறுத்தி வைக்கும், திரும்பத் திரும்ப அனுப்பாது. மார்ச் பேங்க் சார்ஜ் ஒண்ணு அப்படி நிக்கி, லாக்க கொஞ்ச நேரம் தொறக்கலாம்னு ஆடிட்டர், ஏப்ரல்ல போட்டா போதும்னு அக்கவுண்டண்ட் அக்கா, இன்னும் முடிவாகல.