இரண்டு இணைப்புகள் இருந்தும் கடை முடங்கிய அந்த நாற்பது நிமிடங்கள்: அனுபவப் பகிர்வு

மன்னார்குடி, இணைய சேவைக் கடை

நான்கு கணினிகளை வைத்து விண்ணப்பம், பயணச்சீட்டு, மின்கட்டணம் ஆகிய வேலைகளைச் செய்து தரும் சிறிய கடை என்னுடையது. 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு ஒன்றும், உள்ளூர் கேபிள்காரரிடம் வாங்கிய 50 எம்பிபிஎஸ் இணைப்பு ஒன்றும் உள்ளன. இரண்டையும், இரு இணைய இணைப்புகளை ஏற்கும் ஒரு டூயல் வேன் ரௌட்டரில் இணைத்து, சுமையைப் பகிரவும், ஒன்று போனால் மற்றொன்றுக்குத் தானாக மாறவும் அமைத்தேன். சோதனைக்காக முதல் இணைப்பின் கேபிளை ரௌட்டரிலிருந்து பிடுங்கினேன். சில நொடிகளில் எல்லாம் இரண்டாவது இணைப்புக்கு மாறிவிட்டதால் நிம்மதியடைந்தேன்.

இரண்டு வாரம் கழித்து, தெருமுனையில் ஒரு லாரி ஃபைபர் கம்பியை இழுத்து அறுத்துவிட்டது. மோடத்தில் சிவப்பு விளக்கு மின்னியது, ஆனால் ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் இரண்டு இணைப்புகளுமே நன்றாக இருப்பதாகவே காட்டியது. ஒரு தளம் திறக்கும், அடுத்தது சுற்றிக்கொண்டே நிற்கும். திறந்த தளத்திலும் பாதிப் படங்கள் வராது. கல்லூரி விண்ணப்பத்தின் கடைசி நாளன்று இப்படி நாற்பது நிமிடம் போனது. இறுதியில் முதல் இணைப்பின் கேபிளை ரௌட்டரிலிருந்து நானே பிடுங்கிய பிறகுதான் கடை இயங்கியது. இதே நிலையை வேறு யாராவது சந்தித்திருக்கிறீர்களா?

ஈரோடு, துணிக்கடை

எங்களுக்கும் பாதித் தளம் திறந்து பாதி நின்ற அனுபவம் உண்டு. காரணம் விகிதம்தான். ரௌட்டரில் ஒவ்வோர் இணைப்பின் வேகத்தையும் நாம் நிரப்ப வேண்டும். நிரப்பாமல் விட்டால் இரண்டும் சமம் என்று எண்ணி, மெதுவான இணைப்பின் மீதும் பாதிச் சுமையை ஏற்றிவிடும். 100, 50 என்று சரியாக நிரப்பிப் பாருங்கள், சரியாகிவிடும்.

கோயம்புத்தூர், நெட்வொர்க் வேலை

ஈரோட்டு நண்பர் சொல்லும் விகிதம் உண்மைதான், அதை நிரப்பத்தான் வேண்டும். ஆனால் மன்னார்குடியில் நடந்தது அதுவல்ல. அறுந்தது மோடத்துக்கு வெளியே இருந்த ஃபைபர்; மோடத்துக்கும் ரௌட்டருக்கும் இடையிலுள்ள கேபிள் உயிரோடுதான் இருந்தது. ரௌட்டர் தன் கேட்வேயான 192.168.1.1-ஐ, அதாவது அந்த மோடத்தையே, "இருக்கிறாயா" என்று கேட்டுக்கொண்டிருந்தது. மோடமும் "இருக்கிறேன்" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது. ஆகையால் புதிய தொடர்புகளில் ஒரு பங்கு, போக்கிடமில்லாத அந்தப் பாதையிலேயே தொடர்ந்து அனுப்பப்பட்டது. நீங்கள் கேபிளைப் பிடுங்கிச் செய்த சோதனை, உண்மையில் அரிதாக நடக்கும் பழுதையே சோதித்தது. இனிமேல் மோடத்தின் பின்னால் பச்சை முனையுடன் இருக்கும் ஃபைபரைக் கழற்றிச் சோதியுங்கள். முனையைக் கையால் தொடாமல், கண்ணருகே கொண்டுபோகாமல், மூடியிட்டு வையுங்கள்.

உங்கள் ரௌட்டரில் `Online Detection` போன்ற ஒரு பகுதி இருக்கும். அதைத் தானியங்கி நிலையிலிருந்து மாற்றி, முதல் இணைப்புக்கு 8.8.8.8, இரண்டாவதற்கு 1.1.1.1 என்று வெளியுலக முகவரிகளைக் கொடுங்கள். அதற்கு முன் இரண்டு மோடங்களின் முகவரிகளையும் பாருங்கள். பெரும்பாலும் இரண்டுமே 192.168.1.1 என்று இருக்கும். அப்படியானால் இரண்டாவதை 192.168.2.1 என்று மாற்றாமல் எதுவும் ஒழுங்காக இயங்காது.

நான் ஒரு மருந்துக்கடையில் மைக்ரோடிக் ரௌட்டரில், பதிப்பு 7-இல், செய்தது இது:

```
/ip route
add dst-address=8.8.8.8/32 gateway=192.168.1.1 scope=10
add dst-address=1.1.1.1/32 gateway=192.168.2.1 scope=10
add dst-address=0.0.0.0/0 gateway=8.8.8.8 distance=1 target-scope=11 check-gateway=ping
add dst-address=0.0.0.0/0 gateway=1.1.1.1 distance=2 target-scope=11 check-gateway=ping
```

பத்து நொடிக்கு ஒருமுறை கேட்டு, இரண்டு முறை பதில் வராவிட்டால் பாதை மாறும். எனவே ஏறத்தாழ இருபது நொடி இடைவெளி இருக்கும். இதில் நானே ஒரு தவறு செய்தேன். 8.8.8.8 என்ற முகவரி முதல் இணைப்போடு கட்டப்பட்டுவிட்டதால், அந்த இணைப்பு விழுந்தபின் எந்த வழியாகவும் அதை எட்ட முடியாது. பில் போடும் கணினியில், தளப் பெயருக்கு முகவரி தேடித் தரும் டிஎன்எஸ் ஆக யாரோ முன்பே 8.8.8.8-ஐக் கையால் பதித்திருந்தார்கள். மற்றக் கணினிகளெல்லாம் இரண்டாவது இணைப்பில் ஓட, அது ஒன்று மட்டும் எந்தத் தளத்தையும் திறக்கவில்லை. கணினிகளுக்கு ரௌட்டரையே டிஎன்எஸ் ஆகக் கொடுத்து, ரௌட்டருக்குக் கண்காணிப்பில் பயன்படாத வேறு முகவரிகளைக் கொடுத்தபின் சரியானது.

தஞ்சாவூர், ஸ்டுடியோ

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். நானும் இரண்டு இணைப்புகளை வைத்திருக்கிறேன். 100-உம் 50-உம் சேர்ந்தால் 150 வர வேண்டுமல்லவா? திருமண வீடியோவை ஏற்றும்போது ஒரே இணைப்பின் வேகம்தான் கிடைக்கிறது. ரௌட்டர் பழுதா?

கோயம்புத்தூர், நெட்வொர்க் வேலை

பழுதில்லை, ஐயா. ரௌட்டர் பங்கிடுவது தொடர்புகளைத்தான். ஒரே கோப்பு ஒரே தொடர்பில் போகும்போது அது ஏதாவது ஓர் இணைப்பில்தான் முழுதும் போகும். இரண்டு கணினிகளிலிருந்து இரண்டு வீடியோக்களை ஏற்றினால், அவை வெவ்வேறு இணைப்புகளில் விழுந்தால் பயன் தெரியும்.

மன்னார்குடி, இணைய சேவைக் கடை

கோயம்புத்தூர் ஐயா சொன்னபடி மோடத்தின் முகவரியை மாற்றி, வெளி முகவரிகளைக் கொடுத்து, இன்று காலை கடை திறக்கும் முன் ஃபைபரைக் கழற்றிப் பார்த்தேன். சுமார் இருபத்தைந்து நொடியில் மாறியது. மீண்டும் செருகியதும் திரும்பியது. மிக்க நன்றி. ஆனால் இன்னொரு தொல்லை உண்டு. வங்கித் தளத்தில் உள்நுழைந்து பணம் செலுத்தும் கட்டத்தில் திடீரென வெளியேற்றிவிடுகிறது. இரண்டு இணைப்புகளும் நன்றாக இருக்கும்போதே இப்படி நடக்கிறது.

ஈரோடு, துணிக்கடை

`Application Optimized Routing` என்பதை இயக்குங்கள். எங்களுக்கு அதன்பின் அந்தத் தொல்லையே இல்லை.

கோயம்புத்தூர், நெட்வொர்க் வேலை

பாதி தீரும். அது ஒரு கணினியிலிருந்து ஒரே முகவரிக்குப் போவதை ஒரே இணைப்பில் வைத்திருக்கும். ஆனால் உள்நுழையும் சர்வர் ஒன்றாகவும் பணம் செலுத்தும் சர்வர் வேறாகவும் இருந்தால், இரண்டும் வெவ்வேறு இணைப்புகளில் போகலாம். தளம் பார்க்கும்போது ஒரே ஆள் இரண்டு ஐபிகளிலிருந்து வருவது போலத் தெரியும். அதனால் சிறிய கடைகளில் நான் சுமைப் பகிர்வையே வைப்பதில்லை. பணம் புழங்கும் கணினிகள் முதல் இணைப்பு, வாடிக்கையாளர் வைஃபையும் கேமராவும் இரண்டாவது இணைப்பு என்று கணினிவாரியாகப் பிரித்து, ஒன்று விழுந்தால் மட்டும் மற்றொன்று தாங்கும்படி அமைப்பேன்.

ஈரோடு, துணிக்கடை

இதில் எனக்கு உடன்பாடில்லை, ஐயா. தீபாவளி நேரத்தில் எங்கள் முதல் இணைப்பு திணறும்போது இரண்டாவது சும்மா கிடந்தால் கொடுக்கும் பணம் வீண்தானே. ஓராண்டாகப் பகிர்ந்துதான் ஓட்டுகிறோம்.

காரைக்குடி, நகைக்கடை

எங்கள் கேமராவைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் இணைப்பில் நிலையான ஐபி இருக்கிறது. அது விழுந்து இரண்டாவதற்கு மாறியதும் பில் போடுவது தொடர்கிறது, ஆனால் வீட்டிலிருந்து கைப்பேசியில் கேமராவைப் பார்க்க முடிவதில்லை. இரண்டாவது இணைப்பைத் தரும் நிறுவனம் பல வாடிக்கையாளர்களுக்குப் பொதுவான ஐபியைக் கொடுப்பதால் வெளியிலிருந்து உள்ளே வர வழியில்லையாம். அதைவிடக் கவலை வேறொன்று: சென்ற மாதம் ஒரே மின்கம்பம் சாய்ந்தபோது இரண்டு இணைப்புகளும் ஒன்றாகவே போயின. இரண்டு நிறுவனங்களின் கம்பிகளும் அதே கம்பத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

மன்னார்குடி, இணைய சேவைக் கடை

இதைப் படித்ததும் வாசலுக்குப் போய் நிமிர்ந்து பார்த்தேன். என் கடைக்கும் இரண்டு கம்பிகளும் மருந்துக்கடைக்கு எதிரேயுள்ள ஒரே கம்பத்திலிருந்துதான் வருகின்றன. கேபிள்காரரிடம் பின்சந்து வழியாக இழுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறேன். முடியாவிட்டால் ரௌட்டரின் இரண்டாவது வேன் துளையில் சிம் போடும் 4ஜி ரௌட்டரை இணைக்க எண்ணம். அப்படி 4ஜி-யை வைத்திருப்பவர்கள், வாடிக்கையாளர் வைஃபை அதில் ஏறி டேட்டாவைத் தீர்த்துவிடாமல் எப்படித் தடுத்தீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.