கேரசல்: சுழல்படமா, படச்சரமா?

பென்னாகரம், விடுதிக்காரர்:
ஒகேனக்கல்லில் நீர்வரத்து கூடிப் பரிசலை நிறுத்தினால் எங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் உடனே அறிவிப்போம். போன ஆடியில் தம்பி அதை ஐந்து படமாகப் பிரித்து, ஒரே பதிவில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கும் கேரசலாகப் போட்டான். முதல் படத்தில் அருவியும் 'பரிசல் நிறுத்தம்' என்ற எழுத்தும், தேதி மூன்றாவதில். எல்லாரும் முதல் படத்தை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப, தடை நீங்கி நாலு நாள் கழித்தும் அறையை ரத்து செய்கிறார்கள். இனி எதை எப்படிப் போடுவதென்று பையன்களுக்கு ஒரு குறிப்பு எழுதுகிறேன். 'ஒற்றைப்படம்', ரீல்ஸுக்கு 'குறுங்காணொளி' என்ற சொற்கள் சரி. கேரசலுக்கு 'சுழல்படம்' என்று எழுதலாமா?

அரூர்:
எழுதலாம், கேரசல் என்றால் ராட்டினம்தானே. ஆனால் அறிவிப்பை ரீல்ஸாகப் போடுங்கள், அதுதான் நிறையப் பேருக்குப் போகும்.

தருமபுரி, டிசைன் வேலை:
போகும், எப்போது போகும் என்பதுதான் சிக்கல். ரீல்ஸ் நம்மைத் தெரியாதவர்களுக்கும் போகிறது, ஆனால் நாள் கழித்தும் போகும். வெள்ளிக்கிழமை போட்ட 'இன்று பரிசல் இல்லை' ஞாயிறு காலை ஒருவர் கண்ணில் படும். தடைக்கு ஒற்றைப்படம்தான். தேதியை ஓரத்தில் போடாமல் பெரிய எழுத்தோடு சேர்த்தே எழுதுங்கள், வெட்டி அனுப்பினாலும் தேதி கூடவே போகட்டும்.

அப்புறம், ராட்டினம் சுற்றிவரும், இது கடைசிப் படத்தோடு நின்றுவிடுகிறது. சுழல் எங்கே இருக்கிறது?

சந்தூர், மாங்கன்று நர்சரி:
எனக்கும் இதே பிரச்சினைதான்! செந்தூரா, பெங்களூரா, அல்போன்சா என்று வகைக்கு ஒரு படம் போட்டேன், எல்லாக் கன்றுக்கும் நுனி வெட்டுப்பட்டுவிட்டது. கேரசலே வேண்டாமா?

தருமபுரி:
அண்ணா, உங்கள் பிரச்சினை வேறு. முதல் படம் சதுரமாக இருந்திருக்கும், மற்றதெல்லாம் அந்த அளவுக்கு வெட்டுப்படும். எல்லாவற்றையும் 1080க்கு 1350 என்று நெட்டையாக வைத்துப் போடுங்கள். உங்களுக்கு கேரசல்தான் சரி, ஒவ்வொரு வகையையும் நின்று பார்க்க வேண்டும், அவசரமும் இல்லை.

சொல்லுக்கு 'புரட்டுப்படம்' யோசித்தேன், புரட்டு என்றால் பித்தலாட்டம் என்று வீட்டிலேயே சிரித்தார்கள். 'படச்சரம்'? பூச்சரம் மாதிரி, ஒரு நுனியில் தொடங்கி மறு நுனியில் முடிகிறது.

அரூர்:
சரம் என்றால் எனக்குப் பட்டாசுதான் ஞாபகம் வருகிறது. நான் சுழல்படத்திலேயே நிற்கிறேன்.

பென்னாகரம்:
இப்போதைக்குக் குறிப்பில் படச்சரம் என்றே எழுதிக்கொள்கிறேன். தடைப் படம் இப்படி: 'ஆகஸ்ட் 3 ஞாயிறு காலை 7 மணி நிலவரம்: பரிசல் இல்லை'. தடை நீங்கினால் இதே அமைப்பில் பச்சை நிறத்தில் இன்னொன்று. பழையதை நம் பக்கத்தில் அழித்துவிடலாம், வாட்ஸ்அப்பில் போனதை என்ன செய்வது?

தருமபுரி:
அதைப் பிடிக்க முடியாது. அதனால்தான் நீங்கள் மணியையும் போட்டது நல்லது என்கிறேன்.