ஃபெசோலினெட்டன்ட் மாத்திரை: மாதா மாதம் கல்லீரல் டெஸ்ட் தேவைதானா?

குறிஞ்சி:
மாதவிடாய் நின்ற பிறகு வரும் திடீர்ச் சூட்டுக்கும் வியர்வைக்கும் ஃபெசோலினெட்டன்ட் 45 மி.கி. எழுதியிருக்கிறார்கள். தினம் ஒன்று. கூடவே ரத்தப் பரிசோதனைக்கு ஒரு பெரிய அட்டவணை. ஹார்மோனே இல்லாத மாத்திரைக்கு இவ்வளவு டெஸ்ட் எதற்கு? முதலில் ஒன்று எடுத்துவிட்டு, பிறகு உடம்பில் ஏதாவது தெரிந்தால் பார்த்தால் போதாதா?

நேர்கோடு:
போதும் என்பதுதான் என் கட்சி. ஆய்வுகளில் கல்லீரல் நொதி இயல்பு வரம்பைப் போல 3 மடங்கைத் தொட்டவர்கள் நூற்றுக்குச் சுமார் இரண்டு பேர். ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த, மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே நூற்றுக்கு ஒருவருக்கு அப்படி இருந்தது. ஏறியவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. சிலருக்கு மாத்திரையை நிறுத்தாமலே இறங்கியும் விட்டது. இந்தச் சின்ன வித்தியாசத்துக்காக எல்லாரையும் மாதா மாதம் ஊசிமுன் உட்காரவைப்பது பயத்தில் செய்யும் வேலை.

செல்வி:
இந்த டெஸ்டில் எஃப்.எஸ்.எச்., ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன்களின் அளவு எல்லாம் இறங்குகிறதா என்றுதானே பார்ப்பார்கள்? எனக்கும் முன்பு எடுத்தார்கள். மாத்திரை வேலை செய்தால் எஃப்.எஸ்.எச். குறையும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மருந்துப்பெட்டி:
செல்வி அக்கா, இது வேறு டெஸ்ட். இந்த மாத்திரை ஈஸ்ட்ரோஜனை ஏற்றுவதும் இல்லை, இறக்குவதும் இல்லை. மூளையில் ஹைப்போதாலமஸில் ஒரு நரம்பணுக் கூட்டம் நியூரோகைனின் பி என்ற பொருளைச் சுரந்து, உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் இடத்துக்குச் செய்தி அனுப்புகிறது. ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை அதற்கு ஒரு கடிவாளம் இருந்தது. அது போனதும் அந்த அணுக்கள் பருத்து, அதிகமாகத் தூண்டப்படுகின்றன. உடம்பு உண்மையில் சூடாகாதபோதே தோலின் ரத்தக்குழாய் விரிகிறது, வியர்க்கிறது. அந்தச் செய்தி போய்ச் சேரும் ஏற்பியை, அதாவது என்.கே.3 ஏற்பியை, மாத்திரை அடைக்கிறது. அவ்வளவுதான். அதனால் மாத்திரை கேட்கிறதா என்று அறிய ஹார்மோன் டெஸ்ட் உதவாது. ஒரு நாளைக்கு எத்தனை முறை சூடு வருகிறது என்று எழுதி வைத்த தாள்தான் உதவும்.

இப்போது நேர்கோடுக்கு. உங்கள் எண்கள் சரி. ஆனால் அவை ஆய்வில் இருந்தவர்களின் எண்கள். 2023 மே மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தபோது அட்டவணை லேசாகத்தான் இருந்தது: தொடங்கும் முன், பிறகு 3, 6, 9ஆம் மாதங்கள். மருந்து கடைக்கு வந்த பிறகு ஒரு பெண்ணுக்குத் தொடங்கிச் சுமார் 40 நாளில் களைப்பு, குமட்டல், அரிப்பு, மஞ்சள் காமாலை, வெளிறிய மலம், அடர்நிறச் சிறுநீர் எல்லாம் வந்தன. நிறுத்தியதும் சரியானது. 40ஆம் நாள் பழைய அட்டவணையில் எங்கே விழுகிறது? முதல் டெஸ்டுக்கும் மூன்றாம் மாதத்துக்கும் நடுவே, யாரும் பார்க்காத இடத்தில். அதனால்தான் 2024 செப்டம்பரில் 1, 2ஆம் மாதங்களையும் சேர்த்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டிய எச்சரிக்கையும் வந்தது.

நேர்கோடு:
ஒரே ஒரு பெண். அவருக்கும் அறிகுறி வந்தது, நிறுத்தினார்கள், சரியானது. என் வாதத்துக்கு அது சாட்சியில்லையா?

மருந்துப்பெட்டி:
அறிகுறியை நம்புவதில் இந்த வயதில் ஒரு சிக்கல் இருக்கிறது. களைப்பு, தூக்கமின்மை, தோல் வறண்டு அரிப்பு: மாதவிடாய் நின்றவர்களில் எத்தனை பேருக்கு இவை ஏற்கெனவே இருக்கின்றன? கல்லீரல் முதலில் காட்டுவதும் இதே களைப்பும் அரிப்பும்தான். ‘இது வயசுக் கோளாறு’ என்று விட்டுவிட எல்லா வாய்ப்பும் உண்டு. தெளிவாகப் பிரித்துக் காட்டுபவை சிறுநீர் அடர்நிறமாவது, மலம் வெளிறுவது, கண் மஞ்சளாவது. அவை தெரியும்போது பித்தநீர் ஓட்டமே பாதித்திருக்கும். ரத்தத்தில் ஏ.எல்.டி. என்ற கல்லீரல் நொதி அதற்கு முன்பே ஏறியிருக்கும். மாத டெஸ்ட் பிடிப்பது அந்த இடைவெளியைத்தான்.

ஆனாலும் டெஸ்ட் இருக்கிறதே என்று அறிகுறியை விட்டுவிடக் கூடாது. இவற்றில் ஒன்று புதிதாக வந்தால் அடுத்த டெஸ்ட் தேதிக்குக் காத்திராமல் அன்றே மாத்திரையை நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும்.

குறிஞ்சி:
சரி, டெஸ்டை எடுத்துவிட்டால் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது? ‘அதிகம்’ என்று தடித்த எழுத்தில் வந்தாலே நிறுத்திவிடுவதா?

மருந்துப்பெட்டி:
இல்லை. எண்ணை மட்டும் பார்த்தால் குழப்பம்தான். அந்த லேப் போட்டிருக்கும் மேல்வரம்பைப் போல எத்தனை மடங்கு என்று பார்க்க வேண்டும். ஒரு கணக்கைப் பார்ப்போம். லேபின் மேல்வரம்பு ஏ.எல்.டி.க்கு 40, மஞ்சள் காமாலையில் ஏறும் நிறமியான மொத்த பிலிருபினுக்கு 1.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். சில ரிப்போர்ட்களில் ஏ.எல்.டி. எஸ்.ஜி.பி.டி. என்ற பழைய பெயரில் இருக்கும்.

தொடங்கும் முன் 31. தாராளமாகத் தொடங்கலாம். அதுவே 80 அல்லது அதற்கு மேல் இருந்தால், அதாவது 2 மடங்கு, தொடங்கவே கூடாது. பிலிருபின் 2.4ஐத் தொட்டாலும் அப்படியே.

முதல் மாதம் 48. தடித்த எழுத்தில் வரும், ஆனால் 1.2 மடங்குதான். தொடரலாம், அடுத்த டெஸ்டை மட்டும் தவறவிடக் கூடாது.

இரண்டாம் மாதம் 138, பிலிருபின் 0.7. இது 3.45 மடங்கு. இங்கே அடுத்த மாதம்வரை காத்திருப்பது தவறு. இறங்கும்வரை அடுத்தடுத்து டெஸ்ட் எடுக்க வேண்டும். அடுத்த முறை 200ஐத் தாண்டினால், அது 5 மடங்கு, நிறுத்த வேண்டும். 138லேயே நின்றாலும் பிலிருபின் 2.4ஐத் தாண்டினால் நிறுத்த வேண்டும். நொதி 3 மடங்கும் பிலிருபின் 2 மடங்கும் சேர்ந்து தாண்டுவதுதான் பெரிய அபாய மணி. கல்லீரல் அணு சேதமாவதோடு அதன் வேலையும் தடைபடுகிறது என்று பொருள்.

இடையில் லேபை மாற்றாதீர்கள். 110 என்ற அதே எண், மேல்வரம்பு 33 போடும் லேபில் 3 மடங்கைத் தாண்டும். 55 போடும் லேபில் வெறும் 2 மடங்கு.

நேர்கோடு:
138 வரும் இடத்தில்கூட நான் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே வாரம் ஒரு முறை பார்ப்பேன். அறிகுறி இல்லை, பிலிருபின் சரி. முந்தின நாள் கடுமையான உடற்பயிற்சி செய்தாரா, பாராசிட்டமால் நிறைய விழுங்கினாரா என்றும் கேட்பேன். எல்லாப் பழியையும் இந்த மாத்திரைமேல் போட வேண்டாம்.

மருந்துப்பெட்டி:
கேட்க வேண்டிய கேள்விகள்தான். உடற்பயிற்சியால் என்றால் பெரும்பாலும் ஏ.எஸ்.டி. என்ற இன்னொரு நொதிதான் கூடுதலாக ஏறும், தசை நொதியான சி.கே. பார்த்தால் தெரிந்துவிடும். நானாக இருந்தால் காரணம் தெரியும்வரை மாத்திரையை நிறுத்தி வைப்பேன். சூடு திரும்ப வரும், உயிருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நீங்கள் சொல்வதும் விதிக்குள் இருப்பதே.

பிலிருபினிலும் ஒரு பொறி உண்டு. பிறவியிலேயே வரும் தீங்கற்ற கில்பர்ட் தன்மை உள்ளவர்களுக்குப் பட்டினி கிடந்தாலே மொத்த பிலிருபின் கொஞ்சம் ஏறும், நேரடி பிலிருபின் ஏறாது. தொடக்கத்திலேயே இரண்டையும் கேட்பது இங்கே உதவும்.

கார்முகில்:
என் அக்கா மன அழுத்தத்துக்கு ஃப்ளூவாக்சமின் சாப்பிடுகிறார். அவருக்கும் சூடு தாங்கவில்லை. ஹார்மோன் இல்லை என்பதால் சேர்த்துச் சாப்பிடலாம்தானே?

மருந்துப்பெட்டி:
கூடவே கூடாது. ஃபெசோலினெட்டன்ட்டை உடம்பில் உடைப்பது சிப் 1ஏ2 என்ற கல்லீரல் நொதி. ஃப்ளூவாக்சமின் அதைக் கடுமையாக முடக்கும். சேர்ந்தால் ரத்தத்தில் மருந்தின் மொத்த அளவு ஒன்பது மடங்குக்கு மேல் போகிறது. அக்கா ஃப்ளூவாக்சமினைத் தானாக நிறுத்தவும் கூடாது. இரண்டு மருத்துவர்களும் பேசி முடிவெடுக்கட்டும்.

இதில் பலர் தவறவிடுவது சிப்ரோஃப்ளாக்சசின். சிறுநீர்த் தொற்றுக்கு இன்னொரு மருத்துவர் ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுப்பார், அதுவும் அதே நொதியை முடக்கும். தொற்றுக்குப் போகும்போது இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லி வேறு ஆன்டிபயாடிக் கேளுங்கள். கல்லீரல் சுருக்கம் இருப்பவர்களுக்கும் சிறுநீரகம் கடுமையாகப் பழுதானவர்களுக்கும் இந்த மாத்திரையே கிடையாது.

இரவுப்பணி:
இவ்வளவு தொல்லை எதற்கு? எலின்சானெட்டன்ட்டுக்கு மாறிவிடலாம். என்.கே.1, என்.கே.3 இரண்டையும் அடைக்கிறது, தூக்கத்துக்கும் நல்லது. கல்லீரல் டெஸ்டே கிடையாது.

மருந்துப்பெட்டி:
கடைசி வாக்கியம் தவறு. 2025 அக்டோபரில் வந்த அமெரிக்க அனுமதியிலேயே தொடங்கும் முன் ஒன்று, மூன்றாம் மாதம் ஒன்று என்று இருக்கிறது. கட்டம் கட்டிய எச்சரிக்கை இல்லை, அது உண்மை. 60 மி.கி. கேப்ஸ்யூல் இரண்டு, படுக்கும்போது. மறுநாள் பகலில் தூக்கக் கலக்கம், தலைசுற்றல் வரலாம். வண்டி ஓட்டுபவர்கள் முதல் சில நாள் கவனிக்க வேண்டும். வலிப்பு வந்திருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும். இதை உடைப்பது சிப் 3ஏ4, அதனால் மருந்து மோதல் பட்டியலே வேறு, கிரேப்ஃப்ரூட்டும் ஆகாது. ஃப்ளூவாக்சமின் எடுக்கும் அக்காவுக்கும் இதை அப்படியே கொடுத்துவிட முடியாது, அந்தப் பட்டியலையும் பார்க்க வேண்டும்.

நேர்கோடு:
ஐரோப்பிய மருந்துக் குறிப்பில் ஃபெசோலினெட்டன்ட்டுக்கு முதல் மூன்று மாதம் மாதந்தோறும், பிறகு மருத்துவரின் முடிவு என்று விட்டிருக்கிறார்கள். 6, 9ஆம் மாத டெஸ்ட் அவ்வளவு அவசியமென்றால் அவர்கள் ஏன் எழுதவில்லை?

மருந்துப்பெட்டி:
அந்த இடத்தில் உங்களோடு சண்டை போட எனக்கு ஆதாரம் போதாது. முதல் மூன்று மாதத்தை இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கவில்லை, எனக்கு அது போதும். பிறகு வருபவற்றை, முதல் மூன்றும் சுத்தமாக இருந்தவருக்கு எடுப்பதா என்பதில் மருத்துவர்களே பிரிந்திருக்கிறார்கள். நான் எடுக்கச் சொல்வேன்.

நேர்கோடு:
நான் சொல்ல மாட்டேன். முதல் மூன்றை ஒப்புக்கொள்கிறேன், 40 நாள் கணக்கு சரிதான்.

குறிஞ்சி:
மூன்று மாதம் எடுத்தும் சூடு குறையாவிட்டால்?

மருந்துப்பெட்டி:
நிறுத்திவிடலாம், டெஸ்டும் மிச்சம். ஆய்வுகளில் 12 வாரத்தில் வெற்று மாத்திரையைவிட நாளுக்கு இரண்டு, இரண்டரை முறைதான் கூடுதலாகக் குறைந்தது. பலன் முதல் வாரத்திலேயே தெரியத் தொடங்கியது. தொடங்கும் முன் ஒரு வாரம் எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் குறைந்ததா என்று சொல்ல முடியாது. புகைப்பவராக இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். புகை சிப் 1ஏ2வை வேகப்படுத்தி மருந்தின் அளவைக் குறைத்துவிடும்.