மார்ச்சுக்குள் 5,000 ஃபாலோவர் நடக்குமா?

அண்ணன்மார், அக்காமாரே, ஒரு கணக்கு பார்த்துச் சொல்லுங்கள். சுங்கை சிப்புட்டில் ஒரு முறுக்குக் கடையின் இன்ஸ்டாகிராமை நாங்கள் இரண்டு பேர் பார்த்துக்கொள்கிறோம். இப்போது 2,400 பேர். ‘போன காலாண்டில் 620 பேர் கூடினார்களே, மார்ச்சுக்குள் 5,000 ஆக்குங்கள்’ என்கிறார் முதலாளி. அதில் 400 பேர் தீபாவளிப் பரிசுப்போட்டிக்காக வந்தவர்கள். மற்ற இரண்டு மாதமும் தலா 110தான். அந்த வேகத்தில் போனால் மார்ச் முடிவில் 2,730 வரும். தைப்பூசத்தை நம்பி மேல் எல்லையாக 2,900 போடலாமா?

இந்தக் காலாண்டுக்கு நான் வைக்க நினைக்கும் நோக்கம் ‘வாட்ஸ்அப் ஆர்டரைக் கூட்டுவது’; அதை அளக்கும் முக்கிய முடிவு, பதிவைப் பார்த்து வரும் வார ஆர்டரை 15இலிருந்து 25 ஆக்குவது. ஃபாலோவர் எண்ணிக்கையை இலக்காக வைக்காமல் சும்மா குறித்துக்கொண்டு மட்டும் வரலாம் என்பது என் எண்ணம். இப்படி வைத்தவர்கள், முதலாளியை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்?