பில்டருக்கு வட்டிக் கடிதம்: கணக்கு சரிதானா?

சென்னையில் ஒரு ஃப்ளாட். சாவி தர வேண்டிய தேதி 30.06.2024, இன்னும் தரவில்லை. ஃப்ளாட்டை விடுவதாக இல்லை. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின் பிரிவு 18(1)-இன்படி தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்டுக் கடிதம் தயாராகிறது.

கெடுவுக்குள் கட்டியது 40 லட்சம். எஸ்பிஐயின் அடிப்படைக் கடன் வட்டி விகிதமான எம்சிஎல்ஆரோடு 2 சதவீதம் சேர்த்து, உத்தேசமாக 11 சதவீதம் என்றால் மாதம் 36,667 ரூபாய். அக்டோபர் 1-இல் கட்டிய 5 லட்சத்துக்கு அன்றிலிருந்துதான் போட்டிருக்கிறோம். அதையும் ஜூலையிலிருந்து போட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் பிடிப்பார்.

ஒப்பந்தத்திலோ தாமதத்துக்கு மாதம் சதுர அடிக்கு 5 ரூபாய்தான். 1,000 சதுர அடிக்கு வெறும் 5,000! கூடவே சாவி தரப் பில்டருக்கு ஆறு மாத கிரேஸ் பீரியட்.

ரெராவில் வழக்கு நடத்தியவர்கள் சொல்லுங்களேன்: அந்த ஆறு மாதத்தைக் கழித்துக் கேட்பதா? கட்டிய ஜிஎஸ்டியையும் அசலில் சேர்க்கலாமா?