கேட்டது ஒரு கன்னம், வெளுத்தது முகம் முழுக்க: இணையப் படக்காரருக்கு எழுதிய புகார்

செந்தூல் மலர்:
கல்யாண வரவேற்புக்கு மண்டப வாசலில் வைக்க என் படத்தை இணையத்தில் ஆர்டர் பண்ணேன். கைப்பேசிப் படத்தை அனுப்பினா ஓவியம் மாதிரி மெருகேத்தி கேன்வாஸில் அச்சடிச்சுத் தருவாங்க, 380 வெள்ளி. படத்தில் என் இடக் கன்னம் நிழலில் இருந்துச்சு. அதனால ஆர்டர் குறிப்பில், "இடக் கன்னத்தை வலக் கன்னத்தின் அளவுக்கு மட்டும் வெளிச்சமாக்கவும்"னு எழுதினேன்.

வந்த படத்தில் முகமும் கழுத்தும் வேற ஆளோடது. மடியில் பூ பிடிச்சிருக்கிற கை மட்டும் என் நிறம். தாடையில் இருக்கிற மச்சத்தைக் காணோம். எங்க அத்தை "இது யாரும்மா?"ன்னு கேட்டாங்க. அந்தக் கேள்வியைத் தாங்க முடியல. நான் கருப்பா இருக்கேன்னு யார்கிட்டயும் குறைப்பட்டதே இல்லை.

வாட்சப்பில் கேட்டதுக்கு, "உங்க திரையில அப்படித் தெரியுது"ன்னாங்க. அதனால கடிதமாவே எழுதினேன். முக்கியமான பகுதி இது:

"கணினி காட்டும் நிற எண்களில், எண் கூடினால் வெளிச்சம் கூடும். மூலப் படத்தில் என் வலக் கன்னத்தின் நிறம்: சிவப்பு 142, பச்சை 98, நீலம் 74. இந்தக் கன்னத்தில் நான் எந்த மாற்றமும் கேட்கவில்லை. நீங்கள் அனுப்பிய கோப்பில் அதே இடம் 214, 178, 158. புடவையின் அரக்கு நிறமோ இரண்டு கோப்பிலும் ஏறக்குறைய ஒன்றே. திரைதான் காரணம் என்றால் புடவையும் வெளுத்திருக்க வேண்டும். மூலப் படத்திலிருந்து கட்டணமின்றி மறுபடி செய்து தரவும், அல்லது முழுப் பணத்தையும் திருப்பித் தரவும். 14 நாளில் பதில் எதிர்பார்க்கிறேன்."

மூலப் படம், ஆர்டர் குறிப்பு, பகல் வெளிச்சத்தில் கேன்வாஸ் பக்கத்தில் என் கையை வச்சு எடுத்த படம், மூணையும் இணைச்சேன்.

கிள்ளான் வாசு:
அச்சு இயந்திரம் சரியில்லாம இருக்கும் சகோதரி. கேன்வாஸில் அடிச்சாலே நிறம் மாறும்.

ஜார்ஜ்டவுன் ஸ்டூடியோ:
நிறம் மாறும்ங்கிறது உண்மைதான் வாசு, ஆனா பெரும்பாலும் இருட்டாத்தான் வரும். திரையில் பின்னாலிருந்து வெளிச்சம் வருது, துணியில் அது கிடையாது. அதோட, இவங்க எண்ணை எடுத்தது கோப்பிலிருந்து. அது அச்சுக்கே போகாதது.

மலர், உங்க எண்ணிலேயே இன்னொரு சாட்சி இருக்கு. வெறும் வெளிச்சத்தைக் கூட்டினா மூணு எண்ணும் கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில் ஏறும். சிவப்பு 142லிருந்து 214க்குப் போனா ஒன்றரை மடங்கு. அந்தக் கணக்குப்படி நீலம் 111 பக்கம் நிக்கணும். உங்களுக்கு 158, அதாவது ரெண்டு மடங்குக்கும் மேல. தோலோட பழுப்பையே கழுவி எடுத்திருக்காங்க. முகத்தைத் தானா கண்டுபிடிச்சு வெளுக்கிற ஸ்லைடர் மென்பொருள்களில் உண்டு. அது முகம், கழுத்தோட நின்னுடும், கையை விட்டுடும். மச்சம் போனது தோலை வழவழப்பாக்கினதால. ரெண்டையும் கடிதத்தில் சேருங்க. எண் எடுக்கும்போது ஒரே புள்ளியைத் தொடாம, கன்னத்தில் சின்னக் கட்டம் போட்டு சராசரி எடுங்க. ஒரு புள்ளி வியர்வைப் பளபளப்பில் விழுந்தாலே கணக்கு தப்பிடும்.

பட்டர்வொர்த் மாமா:
எங்க அப்பாவோட பழைய படத்தைக் கொடுத்துப் பெருசாக்கச் சொன்னேன், அவரையும் வெள்ளையாக்கிட்டாங்க. திவசத்துக்கு வேற படம் இல்லாம அதையே வச்சோம். கொடுத்த படமும் திரும்பி வரல. என்னம்மா செய்யிறது?

ஜார்ஜ்டவுன் ஸ்டூடியோ:
மாமா, ஸ்கேன் பண்ணின கோப்பு அவங்ககிட்ட இருக்கான்னு முதல்ல கேளுங்க. அது இருந்தா பழைய நிறத்தைக் கொண்டு வந்துடலாம். வெளுத்த படம் மட்டும் இருந்தா நிறத்தை ஊகிச்சுத்தான் பூசணும், அது அவர் நிறம்னு சொல்ல முடியாது.

பிரிக்பீல்ட்ஸ் தேவி:
14 நாள் தாண்டினா பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போங்க மலர். 50,000 வெள்ளி வரைக்கும் விசாரிப்பாங்க, மனுவுக்கு 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை. ஆனா எதிர்த்தரப்போட பேரும் முகவரியும் வேணும். இணையத்தில் விக்கிறவங்க பேர், பதிவு எண், தொடர்பு விவரம் எல்லாம் காட்டணும்னு 2012லயே விதிமுறை வந்துடுச்சு. அந்தப் பக்கத்தை இப்பவே படம் பிடிச்சு வச்சுக்குங்க, நாளைக்கு அழிச்சிடுவாங்க.

கிள்ளான் வாசு:
ஆர்டர் போடும்போது "எங்கள் பாணியில் மெருகேற்றப்படும்"ங்கிற நிபந்தனைக்கு டிக் பண்ணியிருந்தா?

பிரிக்பீல்ட்ஸ் தேவி:
அப்படி ஒரு வரி இருந்தா அதைத்தான் அவங்க பிடிச்சுக்குவாங்க. ஆனா மலர் குறிப்பா எழுதிக் கொடுத்திருக்காங்க, படக்காரங்க அதுக்குச் சம்மதிச்சுத்தான் பணம் வாங்கியிருக்காங்க. தீர்ப்பாயம் எதை எடுத்துக்கும்னு என்னால உறுதியா சொல்ல முடியாது.

செந்தூல் மலர்:
அந்த வரி இருக்கு வாசு அண்ணா, சின்ன எழுத்தில்.

நேத்து பதில் வந்துச்சு. முதல்ல அடுத்த ஆர்டருக்கு 20 விழுக்காடு கழிவுன்னாங்க, வேண்டாம்னேன். அப்புறம் மாதிரிக் கோப்பு ஒன்னு அனுப்பினாங்க. மச்சம் திரும்பி வந்திருக்கு. கட்டம் போட்டுப் பார்த்தேன்: வலக் கன்னம் 151, 107, 83. கழுத்தோட சிவப்பு இன்னும் 190ல நிக்குது. கழுத்தைச் சரி பண்ணாம அச்சுக்குப் போகக்கூடாதுன்னு எழுதி அனுப்பியிருக்கேன்.