"சார்ஜ் ஏறல" என்று வரும் போன்: போர்ட்டை மாற்றும் முன் என்ன பார்க்கிறீர்கள்?

திருப்புளி

ஸ்க்ரீன் கார்டு ஒட்டுவது, கவர் விற்பது என்று ஆரம்பித்தவர்கள் ரிப்பேர் பக்கம் கால் வைக்க நல்ல வாசல் "சார்ஜ் ஏறல" என்று வரும் போன்தான். இதில் பல போன்களைத் திறக்கவே வேண்டியிருக்காது. கோளாறு கேபிளிலோ, போர்ட்டுக்குள் அடைந்த பஞ்சிலோ இருக்கும். அதைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் நேராக போர்ட்டை மாற்றினால், மாற்றிய பிறகும் அதே கேபிளைச் செருகிவிட்டு "இன்னும் ஏறலயே" என்று திரும்பி வருவார்கள்.

முதலில் வாங்க வேண்டியது ஸ்க்ரூட்ரைவர் செட் இல்லை, சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவில் செருகும் யூஎஸ்பி மீட்டர். வோல்ட், ஆம்ப் இரண்டும் காட்டும். கூடவே நன்றாக வேலை செய்கிறது என்று உறுதியான ஒரு சார்ஜரும் ஒரு கேபிளும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கேபிளை எவ்வளவு கேட்டாலும் விற்காதீர்கள்.

போன் கைக்கு வந்ததும் கஸ்டமரின் கேபிளைப் போட்டு மீட்டரைப் பார்க்க வேண்டும், பிறகு நம் கேபிள். ஒரு உதாரணம். பேட்டரி 34 சதவீதம். அவர் கேபிளில் 0.4 ஆம்ப், அதுவும் கேபிளைத் தொட்டால் பூஜ்ஜியத்துக்கு விழுகிறது. நம் கேபிளிலும் அதேதான். அப்படியானால் கேபிள் மேல் மட்டும் பழி போட முடியாது. பின்னின் உலோகப் பகுதி முழுக்க உள்ளே போகாமல், விளிம்பில் ஒரு மயிரிழை இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அடியில் பஞ்சு கெட்டிப்பட்டுக் கிடக்கிறது. சட்டைப்பையில் தினமும் சேரும் நூல்தூசியை, ஒவ்வொரு முறை கேபிளைச் செருகும்போதும் நாமே உள்ளே இடித்து இடித்து மெத்தையாக்கி வைத்திருக்கிறோம்.

போனை அணைத்துவிட்டு, நுனியை இன்னும் மெல்லியதாகச் சீவிய பல்குத்தும் குச்சியால் எடுக்கலாம். டைப்-சி போர்ட்டின் நடுவில் ஒரு சின்ன நாக்கு இருக்கும், தொடர்புகளெல்லாம் அதன் இரண்டு முகத்திலும்தான். குச்சி அந்த நாக்கைத் தொடாமல், வெளிச்சுவரை ஒட்டி உள்ளே போய், அடியிலிருந்து நெம்பி வெளியே இழுக்க வேண்டும். பஞ்சு பெரும்பாலும் கட்டியாகவே வரும். பிறகு மெல்லிய பிரஷ்ஷில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் கொஞ்சமாகத் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே மறுபடி செருகுங்கள். வாயால் ஊதாதீர்கள், காற்றோடு எச்சில் ஈரமும் போகும்.

மேலே சொன்ன போனில் பஞ்சை எடுத்ததும் நம் கேபிளில் 1.6 ஆம்ப், அவர் கேபிளில் 0.5. அடைப்பும் உண்டு, கேபிளும் போயிருக்கிறது. போர்ட்டை மாற்றியிருந்தால் அவருக்குத் தேவையில்லாத செலவு, நமக்குத் தேவையில்லாத வேலை. இங்கே நடந்தது ஒரு சுத்தம், ஒரு கேபிள் விற்பனை. இரண்டு எண்ணையும் அவரே மீட்டரில் பார்த்துவிட்டதால் கேபிளுக்குப் பேரம்கூட அதிகம் வராது.

கடைசிமேசை

அருமைண்ணே. சுருக்கமா சொன்னா 0.5 காட்டினா கேபிள் அவுட், பூஜ்ஜியம்னா போர்ட் அவுட். இதை மட்டும் மனசுல வச்சுகிட்டா போதும். நான் இப்படித்தான் பாக்குறேன்.

திருப்புளி

பாதி சரி தம்பி. மீதிப் பாதிதான் ஆளைக் கவிழ்க்கும்.

0.5 வருவதற்கு கேபிளின் டேட்டா கம்பி அறுந்திருப்பது ஒரு காரணம். எதிரில் இருப்பது நல்ல சார்ஜரா என்று போனால் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாததால் பயந்து கொஞ்சமாக இழுக்கும். ஆனால் கேபிளைக் கம்ப்யூட்டர் போர்ட்டில் செருகியிருந்தாலும் இதே எண்தான் வரும். பேட்டரி 90 தாண்டியிருந்தாலும் இழுப்பு தானாகக் குறையும். போன் சூடாக இருந்தாலும் குறையும். கஸ்டமர் வெயிலில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து நீட்டுகிற போனைப் பத்து நிமிடம் ஆறவைத்துப் பாருங்கள். பேட்டரி 20க்கும் 60க்கும் இடையில் இருக்கும்போது பார்த்த எண்ணைத்தான் நான் நம்புவேன்.

பூஜ்ஜியமும் அப்படித்தான். பல மாதம் பீரோவில் கிடந்து அடியோடு காலியான போன் முதலில் 0.1 சுற்றியே இழுக்கும், திரையில் ஒன்றும் தெரியாது. அரை மணி நேரம் விட்டுவிட்டுப் பாருங்கள். தானாக உயிர் வரும் போனைத் திறந்து பார்ப்பது வீண்.

இன்னொன்று, ஆம்ப் மட்டும் பார்க்காதீர்கள். வேக சார்ஜரில் வோல்ட் 5லிருந்து 9க்கு ஏறும். 9 வோல்ட்டில் 1.2 ஆம்ப் என்பது 5 வோல்ட்டில் 2 ஆம்ப்பைவிட அதிகம். ஆம்ப் குறைந்துவிட்டது என்று நல்ல கேபிளைக் குறை சொல்லிவிடுவோம்.

கண்ணாடி ஒட்டி

எல்லாரும் நல்லா சொல்றீங்க. எனக்கு கார்டு ஒட்டினதும் நாலு ஓரத்துலயும் வெள்ளையா கோடு விழுது, பிழிஞ்சாலும் போகல. இதுவும் பஞ்சு, தூசிதானா?

நிதானம்

இங்கே பேச்சு சார்ஜ் போர்ட் பற்றி, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். தூசி என்றால் நடுவில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றி வட்டக் குமிழும் வரும். கார்டை ஒரு ஓரம் தூக்கி, செல்லோடேப்பால் அந்தத் துகளை ஒற்றி எடுத்தால் போய்விடும். ஓரம் முழுக்க வெள்ளைக்கோடு என்றால், டிஸ்ப்ளே கண்ணாடி விளிம்பில் வளைந்து இறங்குகிறது, உங்கள் கார்டு தட்டையாக இருக்கிறது. எவ்வளவு அழுத்தினாலும் நிற்காது. ஓரத்தில் எண்ணெய் மாதிரி ஒரு திரவம் தடவி மறைக்கிறார்கள், அது சில நாளில் இயர்பீஸ் வலைக்குள் இறங்கினால் சத்தம் குறைந்து, அது வேறு பஞ்சாயத்தாகும். அந்த மாடலுக்கு ஓரம் கொஞ்சம் உள்ளே தள்ளி வெட்டிய கார்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்குருவி

நான் கடைக்காரி இல்லை, கேட்கத்தான் வந்தேன். என் போனில் இரண்டு முனையும் டைப்-சி இருக்கும் கேபிளை ஒரு பக்கமாகச் செருகினால் ஏறுகிறது, திருப்பிச் செருகினால் சுத்தமாக ஏறவில்லை. பழைய அகல முனைக் கேபிளில் எப்படிச் செருகினாலும் மெதுவாக ஏறுகிறது. கடையில் பேட்டரி மாற்றச் சொல்கிறார்கள்.

ஈயப்புகை

பேட்டரிக்கு கேபிள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரியாதுங்க. இது போர்ட்தான்.

டைப்-சி சார்ஜர் எடுத்த எடுப்பில் கரண்ட் விடாது. எதிரில் போன் இருக்கிறது என்று ஒரு தனித் தொடர்பு வழியாக உறுதி செய்த பிறகுதான் 5 வோல்ட்டைத் திறக்கும். போர்ட்டில் அந்தத் தொடர்பு இரண்டு இருக்கும், முகத்துக்கு ஒன்று. கேபிளைத் திருப்பினால் அடுத்ததற்கு மாறும். ஒன்றில் அழுக்கோ பச்சைக் களிம்போ இருந்தால் அந்தப் பக்கம் சார்ஜருக்குப் போன் இருப்பதே தெரியாது, டைப்-சி மீட்டர் செருகினால் மீட்டரே எரியாது. அகல முனைச் சார்ஜர் யாரையும் கேட்காமல் 5 வோல்ட் விட்டுக்கொண்டே இருக்கும், அதனால் அதில் ஏறுகிறது.

பூதக்கண்ணாடியில் நாக்கின் இரண்டு முகமும் பாருங்கள். அழுக்கு என்றால் ஆல்கஹால் பிரஷ்ஷில் போகும். தங்க நிறம் போய்ப் பச்சையோ கறுப்போ தெரிந்து, துடைத்த பிறகும் ஒரு பக்கம் செத்தே இருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

கடைக்காரர்களுக்கு ஒன்று. மாற்றுகிறேன் என்று சொல்லும் முன் அந்த மாடலில் போர்ட் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நிறைய ஆண்ட்ராய்டு போன்களில் கீழ்ப்பக்கம் தனிச் சின்ன போர்டில் இருக்கும். சப் போர்டு என்று கேட்டால் கிடைக்கும், ஈயம் வைக்கும் வேலையில்லை. மெயின் போர்டிலேயே பற்றவைத்த மாடல் என்றால் ஹாட் ஏர் இல்லாதவர் தொடக்கூடாது, தெரிந்தவரிடம் அனுப்பிவிட்டு நடுவில் ஒரு தொகை வைத்துக்கொள்ளலாம்.

சப் போர்டு வாங்கும்போது மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் மாட்டுவோம். ஒரே பெயரில் இரண்டு மூன்று வகை போர்டு இருக்கும். பழைய போர்டில் அச்சடித்த எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பி அதே எண் வாங்குங்கள். மலிவுப் போர்டில் சார்ஜ் ஏறும், ஆனால் வேக சார்ஜ் வராமல் போகலாம். அதனால் முழுக்கப் பூட்டும் முன் செருகி வோல்ட் ஏறுகிறதா பார்த்துவிடுங்கள்.

திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. ஸ்க்ரூக்களை எடுத்த இடம் மாறாமல் காகிதத்தில் போன் படம் வரைந்து அந்தந்த இடத்தில் வையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டை ஓட்டையில் முறுக்கினால் அது போர்டுக்குள்ளேயே இறங்கிவிடும், பிறகு போன் எழுந்திருக்காது. பூட்டிய பிறகு ஒரு கால் போட்டுப் பேசுங்கள். பேசும் மைக் பல மாடலில் அந்தச் சின்ன போர்டிலேதான் இருக்கிறது. சிக்னல் குறைந்திருந்தால் பக்கத்தில் ஓடும் மெல்லிய ஆன்டெனா வயரைச் சரியாக அழுத்தாமல் விட்டிருப்பீர்கள். பின்மூடி உப்பித் தூக்கியிருக்கும் போனுக்கு மட்டும் சூடு காட்டாதீர்கள், உள்ளே பேட்டரி வீங்கியிருக்கும்.

மழைக்குருவி

துடைத்தேன். ஒரு முகத்தில் நடுவாக்கில் ஒரு புள்ளி பச்சையாகவே நிற்கிறது. ஏறும் பக்கத்தை வைத்தே ஓட்டலாமா?

ஈயப்புகை

ஓட்டலாம், ஆனால் களிம்பு ஒரு புள்ளியோடு நிற்கும் என்று சொல்ல முடியாது. போட்டோக்களை இப்போதே வேறிடத்தில் எடுத்து வைத்துவிடுங்கள்.

கடைசிமேசை

அண்ணே, பஞ்சு எடுத்துக் குடுத்தா ரெண்டு நிமிஷம்தான் ஆகுது. அதுக்குக் காசு கேட்டா ஆளுங்க மொறைக்கிறாங்க. வாங்கறதா வேணாமா?

திருப்புளி

நான் வாங்குவதில்லை. பஞ்சை ஒரு காகிதத்தில் வைத்துக் காட்டுவேன். அடுத்த கேபிளும் கார்டும் நம்மிடம்தான் வாங்குவார்.

நிதானம்

இதில் எனக்கு உடன்பாடில்லை சார். குச்சி நழுவி நாக்கு உடைந்தால் சும்மா செய்ததுதானே என்று யாரும் விட்டுவிட மாட்டார்கள், புதுப் போர்டு நம் தலையில்தான். ஒரு கார்டு ஒட்டும் கூலியில் பாதியாவது வாங்க வேண்டும். போனைக் கையில் வாங்கும் முன் அவர் எதிரிலேயே மைக், ஸ்பீக்கர், டச் எல்லாம் பார்த்துவிட வேண்டும். சிம் ஊசியை போர்ட்டுக்குப் பக்கத்து மைக் ஓட்டையில் குத்திவிட்டு வருகிறவர்கள் உண்டு, பார்க்காமல் வாங்கினால் அந்தக் கணக்கும் நம் பேரில் வரும்.

கண்ணாடி ஒட்டி

தள்ளி வெட்டிய கார்டுன்னா கவர் போடும்போது தூக்காதுன்னும் சொல்றாங்களே, அது இதுதானா?

நிதானம்

அதேதான். கவரின் உதடு கார்டைத் தொடாது.